ஆறாவது கட்டிங் யார் கணக்கில்?

பர்ஸைத் திறந்தால் ஆதார் நகலுக்கும் பழைய ஏடிஎம் ரசீதுக்கும் நடுவே அந்த அட்டை செருகியிருக்கும். ஒரு பக்கம் சலூனின் பெயரும் போன் நம்பரும். மறுபக்கம் ஆறு வட்டங்கள். ஐந்தில் சின்னக் கத்தரிக்கோல் படம், ஆறாவதில் மட்டும் 'இலவசம்'. ஒவ்வொரு கட்டிங்குக்கும் ஒரு சீல் விழும். ஐந்து விழுந்தால் ஆறாவது தடவை காசு தர வேண்டாம். இதே யோசனை சில கடைகளில் 'மெம்பர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி' என்றும், சில இடங்களில் மொபைல் நம்பரைச் சொன்னால் ஏறும் பாயிண்டுகளாகவும் வரும்.

வாடிக்கையாளருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கிடைத்தவரை லாபம். கடைக்காரர்தான் யோசிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கடைகளில் நடப்பது வேறு. பக்கத்துக் கடையில் கார்டு போட்டார்கள் என்று இங்கேயும் போடுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "கார்டு வச்சிருக்கிறவங்கதான் சார் ரெகுலரா வர்றாங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஆள் கார்டு இருப்பதால் வருகிறாரா, அல்லது எப்படியும் வருகிறவர் என்பதால் கார்டு வாங்கிக்கொண்டாரா? லாபமா நட்டமா என்ற கேள்விக்கான விடை முழுவதும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் மூன்று நாற்காலி போட்ட ஆண்கள் சலூன் என்று வைத்துக்கொள்வோம். வரும் எண்கள் எல்லாம் உத்தேசமானவை. அவரவர் கடையின் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டிங் 200 ரூபாய். அதில் வெட்டுகிறவருக்கு 40 சதவீதப் பங்கு, அதாவது 80 ரூபாய். பிளேடு, கழுத்தில் சுற்றும் டிஷ்யூ, துண்டு சலவை, கிரீம், பவுடர், கரன்ட் எல்லாம் சேர்த்து ஒரு தலைக்கு 20. ஆக, ஒரு கட்டிங்கில் முதலாளி கையில் நிற்பது 100 ரூபாய். வாடகை, ஏசி கடன் தவணை, போர்டு லைட் ஆகியவற்றை இங்கே சேர்க்கக் கூடாது. பத்துப் பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் அவை மாறப்போவதில்லை. கார்டால் எது கூடுகிறது, எது குறைகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறோம்.

கிரீம், டை வாங்கும்போது கட்டும் வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே, பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போனது. பதிவு பெற்ற கடையாக இருந்தால், அந்த 20 ரூபாயைக் கணக்கிடும்போது பொருளின் வரியையும் சேர்த்தே எழுத வேண்டும். பழைய பழக்கத்தில் வரி நீக்கிய விலையை எழுதினால் கையில் நிற்பது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

முதலில் சுலபமான 10 சதவீதத் தள்ளுபடி. 200-க்கு 20 ரூபாய் குறைகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த 20 கழிவது 200-லிருந்து அல்ல, கையில் நிற்கும் 100-லிருந்து. வெட்டியவருக்கு வழக்கம்போல 80 கொடுத்தால் முதலாளிக்கு மிஞ்சுவது 80. அதாவது தள்ளுபடி பத்து சதவீதம், லாபத்தில் குறைவது இருபது சதவீதம். பழைய தொகையே கைக்கு வர வேண்டுமானால், முன்பு நாலு தடவை வந்த இடத்தில் ஐந்து தடவை வர வேண்டும். முப்பது நாளுக்கு ஒருமுறை வந்தவர் இருபத்துநாலு நாளுக்கு ஒருமுறை உட்கார வேண்டும்.

தள்ளுபடி போன 180-லிருந்துதான் பங்கு என்று வைத்தால் வெட்டுகிறவருக்கு 72, முதலாளிக்கு 88. கணக்கு சற்று நன்றாக இருக்கிறது. ஆனால் முதலாளி அறிவித்த சலுகையில் எட்டு ரூபாயைத் தொழிலாளி சுமக்கிறார். இது எப்படித் தெரியவரும்? கார்டை நீட்டுகிறவருக்கு "கொஞ்சம் உட்காருங்கண்ணே, இவரை முடிச்சிட்டு வர்றேன்" என்ற பதில் கிடைக்கத் தொடங்கும். ஆறாவது இலவசத்துக்குப் பங்கே இல்லை என்று வைத்த கடைகளில் இது இன்னும் மோசம். அந்த ஒரு கட்டிங் மட்டும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசு வாங்க வந்தவர் அரைகுறைக் கட்டிங்கோடு வெளியே போவார்.

சரி, முப்பது நாள் இருபத்துநாலு நாளாகுமா? இங்கேதான் சலூன் மற்ற வியாபாரங்களிலிருந்து விலகி நிற்கிறது. காபிக் கடையில் இது நடக்கும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு காபிக் கடையில், பத்து காபிக்கு ஒன்று இலவசம் என்ற அட்டையைக் கொடுத்து ரான் கிவெட்ஸும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வின்படி, இலவசக் காபி நெருங்க நெருங்க மக்கள் அடிக்கடி வந்தார்கள், இரண்டு காபிக்கு நடுவே இருந்த இடைவெளி சுருங்கியது. காபியை இன்றைக்கு ஒன்று கூடுதலாகக் குடிக்கலாம். முடி அப்படியல்ல. அது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். கார்டில் நாலு சீல் விழுந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது. இருபத்தெட்டாம் நாள் வர வேண்டியவர் இருபத்தைந்தாம் நாள் வரலாம். வருடத்தில் பன்னிரண்டு பதின்மூன்றாகலாம். பதினைந்தாகாது.

ஆகவே 'கார்டு கொடுத்தால் அடிக்கடி வருவார்கள்' என்ற எதிர்பார்ப்பைக் கட்டிங்கைப் பொறுத்தவரை ஓரமாக வைத்துவிடலாம். மிச்சம் இருப்பவை மூன்று. வேறு கடைக்கும் போய்வருகிறவர் அந்தத் தடவைகளையும் இங்கே கொண்டுவருவது ஒன்று. விட்டுப் போக இருந்தவர் போகாமல் இருப்பது இரண்டாவது. கட்டிங்கோடு நிறுத்துகிறவர் ஃபேஷியல், டை, மசாஜ் என்று எதையாவது சேர்த்துச் செய்துகொள்வது மூன்றாவது. கார்டு சம்பாதித்தால் இந்த மூன்று வழிகளில்தான் சம்பாதிக்க முடியும்.

இனி ஆறாவது இலவசக் கார்டு. கேட்டால் ஆறில் ஒன்று, பதினேழு சதவீதத் தள்ளுபடி என்பார்கள். எப்படியும் வரப்போகிற ஒருவர் ஆறு தடவை வந்தால், கார்டு இல்லாமல் முதலாளிக்கு 600 ரூபாய் நின்றிருக்கும். கார்டு இருந்தால் ஐந்து தடவைக்கு 500. ஆறாவது தடவை வருமானம் கிடையாது, ஆனால் வெட்டியவருக்கு 80-உம் பொருளுக்கு 20-உம் கைக்காசாகப் போகிறது. ஆக 400. பதினேழு சதவீதம் என்று நினைத்துக் கொடுத்தது லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

இப்போது கார்டு வாங்கிய நூறு பேரைப் பார்க்கலாம். எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. ஐம்பது பேர் நிரந்தர வாடிக்கை, மாதம் ஒருமுறை, வருடத்துக்குப் பன்னிரண்டு. முப்பது பேர் இங்கே பாதி, வேறு எங்கோ பாதி, வருடத்துக்கு ஆறு தடவை வருகிறவர்கள். மீதி இருபது பேர் அந்தத் தெருவுக்கு வேலையாக வந்தால் நுழைகிறவர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை.

நிரந்தரம் என்று சொன்ன ஐம்பது பேரும் அப்படியே நிற்பதில்லை. வீடு மாறுவார்கள், புதிதாக ஏசி கடை திறந்தால் எட்டிப் பார்ப்பார்கள், வழக்கமாக வெட்டுகிற ஆள் வேறு கடைக்குப் போனால் அவர் பின்னாலேயே போவார்கள். அவர்களில் பத்துப் பேர் வருட நடுவில், ஆறு கட்டிங்கோடு நின்றுவிடுவார்கள் என்று வைப்போம். கார்டே இல்லாத வருடத்தில் இந்த நூறு பேரிடமிருந்து கையில் நிற்பது: நின்ற நாற்பது பேரிடம் 48,000, விட்டுப்போன பத்துப் பேரிடம் 6,000, பாதி வாடிக்கைகள் முப்பது பேரிடம் 18,000, எப்போதாவது வரும் இருபது பேரிடம் 4,000. மொத்தம் 76,000 ரூபாய்.

கார்டு கொடுத்த வருடம் எப்படி இருக்கும்? எப்படியும் வந்திருக்கக்கூடிய நாற்பது பேரும் ஆளுக்கு இரண்டு இலவசக் கட்டிங் எடுக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் 1,200 நின்ற இடத்தில் 800 நிற்கிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும் 16,000 ரூபாய் போய்விட்டது. விட்டுப்போக இருந்த பத்துப் பேரில் ஐந்து பேரைக் கார்டு நிறுத்திவைக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். அவர்களிடம் 600-க்குப் பதில் 800, ஐந்து பேருக்கு 1,000 ரூபாய் வரவு. மற்ற ஐந்து பேர் ஆறாவது இலவசக் கட்டிங்கையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆளுக்கு 200 குறைந்து 1,000 ரூபாய் செலவு. வந்ததும் போனதும் சரியாகிவிட்டது.

முப்பது பாதி வாடிக்கைகள் ஆறிலிருந்து ஒன்பது தடவையாகக் கூடுகிறார்கள். பெரிய முன்னேற்றம்தான், ஐம்பது சதவீதம். ஆனால் ஒன்பதில் ஒன்று இலவசம். எட்டுக்கு 800, இலவசத்துக்குக் கைக்காசு 100 போக 700. முன்பு 600. ஆளுக்கு நூறு வீதம் 3,000 ரூபாய் வரவு. எப்போதாவது வரும் இருபது பேரின் கார்டில் இரண்டு சீல் விழுந்து அது துணியோடு துவைபட்டுப் போகிறது. வரவும் இல்லை, செலவும் இல்லை.

கூட்டிக் கழித்தால் 13,000 ரூபாய் நட்டம். 76,000-இல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கடையில் கூட்டம் கூடியிருக்கிறது, கார்டுகள் நிரம்புகின்றன, முதலாளிக்குத் திட்டம் அமோகமாக ஓடுவதாகத் தெரிகிறது. பணம் மட்டும் குறைகிறது. குறைந்த காரணத்தை அவர் வாடகை ஏற்றத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

ஓட்டை எங்கே என்பது இப்போது தெளிவு. புதிதாக வந்தவருக்குக் கொடுத்த இலவசம் அல்ல, எப்படியும் வரப்போகிறவருக்குக் கொடுத்த இலவசம். அவர் முழு விலை கொடுத்து வாங்கத் தயாராக இருந்த அதே கட்டிங்கை அவருக்கே இலவசமாகக் கொடுத்தால் கடைக்குப் போவது பொருள் செலவு 20 ரூபாய் அல்ல, பங்கோடு சேர்த்து 100 ரூபாயும் அல்ல. முழு 200 ரூபாய். அவர் தந்திருக்கக்கூடிய 200 வராமல் போகிறது, செலவோ அப்படியே நிற்கிறது.

இந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு பரிசை மாற்றிப் பார்க்கலாம். இலவசக் கட்டிங்குக்குப் பதிலாக, ஐந்து சீல் விழுந்தவருக்கு ஆறாவது தடவை கட்டிங்கோடு ஒரு ஹெட் மசாஜ் இலவசம். மசாஜின் விலை 150, பங்கு 60, எண்ணெய் 10. பெரும்பாலானவர்கள் காசு கொடுத்து மசாஜ் செய்துகொள்ளும் வழக்கம் இல்லாதவர்கள். ஆகவே கடை இழப்பது 150 அல்ல, கையை விட்டுப் போகும் 70 மட்டும். வாங்குகிறவர் கண்ணுக்கு 150 ரூபாய்ப் பரிசு, கொடுக்கிறவர் கையிலிருந்து 70.

அதே நூறு பேர். நிற்கக்கூடிய நாற்பது பேருக்கு வருடத்துக்கு இரண்டு மசாஜ், ஆளுக்கு 140 செலவு, மொத்தம் 5,600. காப்பாற்றப்பட்ட ஐந்து பேர் பன்னிரண்டு தடவையும் காசு கொடுத்து வெட்டிக்கொள்கிறார்கள். அவர்களால் ஆளுக்கு 460 கூடி 2,300 வரவு. விட்டுப்போகும் ஐந்து பேர் ஒரு மசாஜோடு போகிறார்கள், 350 செலவு. பாதி வாடிக்கைகளுக்கு மசாஜ் அத்தனை பெரிய கவர்ச்சி இல்லை என்பதால் ஒன்பதுக்குப் பதில் எட்டு தடவை என்று குறைத்துக்கொள்வோம். அப்போதும் ஆளுக்கு 130 கூடி 3,900 வரவு. முடிவில் 250 ரூபாய் லாபம். கார்டு அச்சடித்த காசுக்குச் சரியாகப் போயிற்று.

இதற்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். ஆனால் 13,000 நட்டம் என்ற இடத்திலிருந்து இங்கே வந்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. காப்பாற்றப்பட்ட அந்த ஐந்து பேர் அடுத்த வருடமும் வருவார்கள். அவர்கள் இல்லாத கடையில் அந்த வருமானமே இருந்திருக்காது. ஆளுக்கு 1,060 வீதம் 5,300 ரூபாய். மூன்றாம் வருடம் அவர்களில் சிலர் கழிந்தாலும் மீதிப் பேர் நிற்பார்கள். கார்டின் உண்மையான சம்பாத்தியம் முதல் வருடத்தில் தெரிவதில்லை.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஆண்களுக்கான சலூன் சங்கிலி ஒன்று இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, தொடங்குவதற்கு முன்னும் பின்னும் இருந்த வாடிக்கையாளர் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2021-இல் 'மார்க்கெட்டிங் சயின்ஸ்' இதழில் வந்தது. திட்டத்தால் கடைக்கு நன்மை இருந்தது. ஆனால் அந்த நன்மையில் எண்பது சதவீதத்துக்கும் மேல், வாடிக்கையாளர்கள் விட்டுப்போவது குறைந்ததால் வந்தது. அடிக்கடி வந்ததாலோ ஒவ்வொரு தடவையும் கூடுதலாகச் செலவழித்ததாலோ வந்தது கொஞ்சம்தான். முடி வளரும் வேகத்தை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் தன் கடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை எப்படி அளப்பது? மேலே ஐந்து பேர் என்று வைத்தோம். அது இரண்டாக இருந்தால் அதே மசாஜ் கார்டு முதல் வருடம் 1,300 ரூபாய்க்கு மேல் நட்டத்தில் முடியும். எல்லாம் அந்த ஓர் எண்ணில் தொங்குகிறது. ஊகத்தில் விடுவதற்கில்லை.

சலூனைவிட்டுப் போகிறவர் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. சும்மா வராமல் இருப்பார். ஆகவே ஒவ்வொருவருக்கும் அவருடைய வழக்கமான இடைவெளி என்ன என்று பார்க்க வேண்டும். பில் போடும் சாஃப்ட்வேரில் மொபைல் எண்ணோடு தேதி இருக்கும். இல்லாவிட்டால் ஒரு நோட்டு போதும். முப்பது நாளுக்கு ஒருமுறை வந்தவர் எழுபத்தைந்து நாளாகக் காணவில்லை என்றால் போய்விட்டார் என்று எழுதிக்கொள்ளலாம்.

இதில் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் விரதம் முடியும்வரை முடியிலும் தாடியிலும் கத்தி வைக்க மாட்டார்கள். நாற்பத்தொரு நாள் விரதம், அதற்கு முந்தைய இடைவெளி எல்லாம் சேர்ந்தால் எழுபது நாளுக்கு மேல் கடைப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பது சாதாரணம். நவம்பர் நடுவிலிருந்து கணக்கெடுத்தால் பாதிப் பேர் போய்விட்டதாகத் தெரியும். மாறாக, ஜனவரியில் கார்டைத் தொடங்கி, டிசம்பரோடு ஒப்பிட்டால் கார்டால் கூட்டம் அள்ளியதாகத் தெரியும். மாலை கழற்றியவர்கள் வந்திருப்பார்கள், பொங்கலுக்கு முன் எல்லாரும் வந்திருப்பார்கள். கார்டுக்கு அதில் சம்பந்தமே இருக்காது. தீபாவளி, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் போன்ற காலங்களுக்கும் இதே எச்சரிக்கை. ஒப்பிட்டால் போன வருடத்து அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதைவிட நம்பகமான வழி, ஒரே காலத்தில் இரண்டு கூட்டத்தை வைத்துப் பார்ப்பது. மொபைல் எண் இரட்டைப்படையில் முடிகிறவர்களுக்கு மட்டும் கார்டு, ஒற்றைப்படையில் முடிகிறவர்களுக்கு இப்போதைக்கு இல்லை. எண்ணின் கடைசி இலக்கத்துக்கும் கட்டிங் பழக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆகவே இரண்டு கூட்டத்திலும் நிரந்தரமும் பாதியும் எப்போதாவதும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பார்கள். மாலை போடுகிறவர்களும் இரண்டு பக்கமும் இருப்பார்கள். ஒரு வருடம் ஓடவிட்டு, இரண்டு கூட்டத்திலும் ஆளுக்குச் சராசரியாகக் கையில் நின்றது எவ்வளவு, எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் எதுவோ அதுதான் கார்டின் சம்பாத்தியம்.

இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று. இரட்டைப்படைக் கூட்டத்தில் கார்டை வேண்டாம் என்றவர்களையும், வாங்கித் தொலைத்தவர்களையும் கணக்கிலிருந்து நீக்கத் தோன்றும். நீக்கக் கூடாது. நீக்கினால் ஒருபக்கம் ஆர்வமுள்ளவர்கள் மட்டும், மறுபக்கம் எல்லாரும் என்றாகிவிடும். 'கார்டு வச்சிருக்கிறவங்கதான் ரெகுலரா வர்றாங்க' என்ற பழைய இடத்துக்கே போய்ச் சேருவோம்.

சின்னக் கடைக்கு இதில் ஓர் எல்லையும் உண்டு. ஒரு பக்கம் ஐம்பது பேர், மறுபக்கம் ஐம்பது பேர், இங்கே ஐந்து பேர் போனார்கள், அங்கே எட்டுப் பேர் போனார்கள் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு வீட்டில் அப்பாவும் இரண்டு பையன்களும் ஊர் மாறினாலே எண் புரண்டுவிடும். ஒவ்வொரு பக்கமும் சில நூறு பேராவது இருந்தால்தான் துணிந்து பேச முடியும். இரண்டு மூன்று கிளை வைத்திருக்கிறவர்களுக்கு அது சாத்தியம். ஒற்றைக் கடைக்காரர் பெரிய வித்தியாசம் தெரிந்தால் மட்டும் நம்புவது நல்லது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒன்றாக வரும் நண்பர்களில் ஒருவருக்குக் கார்டு, மற்றவருக்கு இல்லை என்றால் "எனக்கு மட்டும் ஏண்ணே இல்லை?" என்று கேட்பார். கேட்கிறவருக்குக் கொடுத்துவிடலாம், ஆனால் கணக்கில் அவர் ஒற்றைப்படைக் கூட்டத்திலேயே இருக்கட்டும்.

பரிசை என்றைக்குக் கொடுப்பது என்பதும் கணக்கைப் புரட்டிப்போடும். ஞாயிற்றுக்கிழமை காலை கடை நிரம்பி வழியும். அன்றைக்கு ஒரு நாற்காலியில் இலவசக் கட்டிங் அரை மணி நேரம் ஓடினால், வாசலில் நின்ற ஒருவர் கூட்டத்தைப் பார்த்து அடுத்த கடைக்குப் போயிருப்பார். அவரிடம் நின்றிருக்கக்கூடிய 100 ரூபாயும் அந்த இலவசத்தின் விலையில் சேர்கிறது. செவ்வாய்க்கிழமை பல கடைகளுக்கு வார விடுமுறை. வெள்ளிக்கிழமை முடி வெட்டக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். மீதி இருக்கும் திங்கள், புதன், வியாழன் மதியங்களில்தான் நாற்காலிகள் காலியாக நிற்கும், வெட்டுகிறவர்கள் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரிசு அந்த மூன்று நாள்களில் மட்டும் செல்லும் என்று கார்டிலேயே அச்சடித்துவிட்டால் இந்த மறைமுகச் செலவு நின்றுவிடும். சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் கடையில், காலியாக இருக்கும் நேரத்தில் கொடுத்த மசாஜுக்கு எண்ணெய்ச் செலவு 10 ரூபாய் மட்டும்தான். ஆனால் வாரநாளில் வேலைக்குப் போகிறவர் "ஞாயிறுதான் சார் எனக்கு லீவு" என்று முகம் சுளிப்பார். நிறுத்திவைக்க வேண்டிய ஆளே அவராக இருந்தால் இந்த விதி எதிராக வேலை செய்யும்.

சீல் விஷயத்தில் கடைக்குக் கடை கசிவு உண்டு. "கார்டு வீட்ல இருக்குண்ணே, அடுத்த தடவை ரெண்டு சீலா போட்டுடுங்க" என்பதில் தொடங்கும். கடைப் பையனின் நண்பர்கள் கார்டு இரண்டே வாரத்தில் நிரம்பும். கண்டுபிடிக்க வழி எளிது. இரவு கடை மூடும்போது அன்றைய கட்டிங் பில் எத்தனை, விழுந்த சீல் எத்தனை என்று ஒரு வரி எழுதினால் போதும். சீல் எண்ணிக்கை பில்லைத் தாண்டுகிற நாள் தனியாகத் தெரியும். ஒரே கார்டில் அப்பாவும் பிள்ளைகளும் சீல் வாங்குவதைப் பல முதலாளிகள் தடுக்கிறார்கள். அதைத் தடுப்பது தவறு என்றே தோன்றுகிறது. மூன்று தலை ஒரே கடைக்கு வருகிறதென்றால் அதுதான் கார்டு செய்ய வேண்டிய வேலை. பிள்ளைகளின் கட்டிங் முன்பு வேறு கடையில் நடந்திருந்தால் அந்தப் பணம் முழுக்கப் புதுப்பணம்.

கார்டை நிறுத்த நேர்ந்தால் அதற்கும் ஒரு செலவு இருக்கிறது. நாலு சீல் விழுந்த கார்டோடு வருகிறவரிடம் திட்டம் முடிந்துவிட்டது என்று சொன்னால், கார்டே இல்லாமல் சும்மா வந்துகொண்டிருந்த ஆளும் கோபித்துக்கொண்டு போவார். எனவே கார்டிலேயே கடைசித் தேதியை அச்சடிப்பதும், வெளியே இருக்கும் சீல்களைக் கடனாக எழுதிவைப்பதும் அவசியம். நூறு கார்டு வெளியே இருந்து, அவற்றில் நாற்பதாவது நிரம்பி வரும் என்று தெரிந்தால், மசாஜ் கணக்கில் 2,800 ரூபாய் கடைக்காரர் தர வேண்டிய பாக்கி. மாத முடிவில் கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணும்போது அதைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.